[Co(en)2Cl2]Cl: அணைவு எண் 4-ஆ, 6-ஆ? சில்வர் நைட்ரேட்டில் 1.6 குளோரைடு வருகிறது

பச்சைப்படிகம்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சிக்கல், இரண்டும் ஒரே சேர்மத்தில்.

முதலாவது, தாளில் செய்தது. [Co(en)2Cl2]Cl-க்குப் பெயர், உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை, வடிவம் மூன்றும் கேட்டார்கள். நான் எழுதியது இது: பெயர் பிஸ்(எத்திலீன்டைஅமீன்)டைகுளோரோகோபால்ட்(II) குளோரைடு. இரண்டு en, இரண்டு Cl, ஆக நான்கு ஈனிகள், அதனால் நான்முகி. மூன்றுக்கும் சிவப்பு மை.

இரண்டாவது, ஆய்வகத்தில் செய்தது. கோபால்ட் குளோரைடையும் en-ஐயும் சேர்த்து, காற்றைச் செலுத்தி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றிச் சுண்டவைத்ததில் அழகான பச்சைப் படிகம் கிடைத்தது. வடிகட்டி, ஆல்கஹாலில் கழுவி, இரவு முழுக்கத் தாளில் பரப்பி உலர்த்தினேன். அதில் 0.2855 கிராம் எடுத்துப் பனிக்கட்டி நீரில் கரைத்து, நீர்த்த நைட்ரிக் அமிலம் கொஞ்சம் விட்டு, சில்வர் நைட்ரேட்டை மிகையாகச் சேர்த்தேன். உலர்ந்த வீழ்படிவின் எடை 0.2286 கிராம். கணக்குப் போட்டால் ஒரு மோல் சேர்மத்துக்கு 1.6 மோல் AgCl. ஒன்று வந்தால் புரியும், மூன்று வந்தாலும் ஏதோ புரியும். 1.6 என்றால் என்ன செய்வது?

---

நாளைபரீட்சை

விடையை மட்டும் தந்துவிடுகிறேன், நேரம் மிச்சம். +3, எண்முகி. அடுத்த கேள்விக்குப் போங்க.

---

பச்சைப்படிகம்

விடை எனக்கும் தெரியும், சிவப்பு மையிலேயே எழுதியிருக்கிறது. எப்படி வந்தது என்பதுதான் தெரியவில்லை.

---

பழையகுடுவை

முதலில் தாளை முடிப்போம். படிகத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில்தான் சுவாரஸ்யம்.

உங்கள் மூன்று தவறும் உண்மையில் இரண்டுதான். ஒன்று, சதுர அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் Cl-ஐப் பார்க்காமல் விட்டது. மற்றது, ஈனிகளின் தலையை எண்ணியது. எண்ண வேண்டியது பிடிகளை.

வெளியே ஒரு குளோரைடு அயனி இருக்கிறது. அதன் மின்சுமை −1. சேர்மம் மொத்தத்தில் நடுநிலை, ஆகவே அடைப்புக்குள் இருக்கும் முழுக்கூட்டத்தின் சுமை +1. இப்போது உள்ளே போங்கள். en மின்சுமை இல்லாத மூலக்கூறு, அது எத்தனை இருந்தாலும் கணக்கில் பூஜ்யம். உள்ளே இருக்கும் Cl இரண்டும் தலைக்கு −1.

x + 2(0) + 2(−1) = +1, ஆக x = +3.

உங்களுக்கு +2 வந்த காரணம், வலது பக்கம் +1 போட வேண்டிய இடத்தில் 0 போட்டதுதான். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இது. பிள்ளைகள் ஈனியின் சுமையில் தடுமாறுவதில்லை, வலப்பக்கத்து எண்ணில்தான் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது வடிவம். en-ஐ விரித்து எழுதிப் பாருங்கள்: H2N–CH2–CH2–NH2. இரண்டு முனையிலும் நைட்ரஜன், இரண்டு நைட்ரஜனிலும் ஒவ்வொரு தனி எலக்ட்ரான் இரட்டை. நண்டு இரண்டு கொடுக்காலும் பிடிப்பது போல ஒரே உலோகத்தை இரண்டு இடத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டு en என்றால் நான்கு பிடி, இரண்டு Cl என்றால் இரண்டு பிடி. அணைவு எண் 6. கோபால்ட்(III)-ஐச் சுற்றி ஆறு பிடி என்றால் எண்முகிதான்.

---

செறிவுக்கரைசல்

மேலே சொன்னது சரி. 1.6 வந்ததற்குக் காரணமும் எளிது: உள்ளே இருக்கும் குளோரைடு மெல்ல வெளியேறி, நீர் மூலக்கூறு அந்த இடத்தில் உட்காருகிறது. வெளியேறிய குளோரைடும் சில்வரோடு வீழ்ந்துவிடும். அதனால்தான் ஒன்றுக்கு மேல் வருகிறது. மற்றபடி உங்கள் சோதனையில் பிழை இல்லை.

---

ஈத்தேன்முதல்

பெயரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்கும் இதே கேள்வியில் மதிப்பெண் போனது, ஆனால் வேறு காரணத்துக்காக. நான் எழுதியது "பிஸ்(ஈத்தேன்-1,2-டைஅமீன்)டைகுளோரிடோகோபால்ட்(III) குளோரைடு". ஈனிகளை அகர வரிசையில் எழுத வேண்டும் என்று படித்திருந்தேன். தமிழ் வழியில் படிக்கிறவன், "ஈ" முதலில் வரும், "கு" அப்புறம்தானே வரும்? வரிசை தப்பு என்று அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள்.

---

பழையகுடுவை

ஈத்தேன்முதல், உங்கள் கோபம் நியாயம். ஆனால் விதி பார்ப்பது ஆங்கிலப் பெயரின் எழுத்து வரிசையை. குளோரிடோவின் முதல் எழுத்து சி, ஈத்தேன்டைஅமீனின் முதல் எழுத்து இ. சி முந்தியது, ஆகவே குளோரிடோ முன்னே வரும். தமிழில் எழுதும்போதும் அந்த வரிசையையே வைத்துக்கொள்கிறோம். டை, பிஸ் போன்ற எண்ணிக்கைச் சொற்களை வரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படியானால் முழுப்பெயர்: டைகுளோரிடோபிஸ்(ஈத்தேன்-1,2-டைஅமீன்)கோபால்ட்(III) குளோரைடு.

"பிஸ்" ஏன் வந்தது என்றால், ஈனியின் பெயருக்குள் ஏற்கெனவே ஒரு "டை" இருக்கிறது. "டைஈத்தேன்டைஅமீன்" என்று எழுதினால் எதை இரட்டிக்கிறோம் என்றே தெரியாது. அதனால் ஈனியை வளைவு அடைப்புக்குள் போட்டு முன்னால் பிஸ். வெளியே இருக்கும் குளோரைடுக்கு மோனோ, டை எதுவும் வேண்டாம். (III) என்று சொன்ன உடனேயே வெளியே எத்தனை என்பது தானாக வந்துவிடுகிறது.

அடைப்புக்குள் இருக்கும் அணைவுக்கூட்டம் நேர்மின் அயனி என்பதால் "கோபால்ட்" என்றே விட்டோம். அதுவே எதிர்மின் அயனியாக இருந்தால் "கோபால்ட்டேட்" ஆகியிருக்கும்.

---

நாளைபரீட்சை

ஒரு நிமிஷம், எங்கள் புத்தகத்தில் "டைகுளோரோ" என்றுதானே இருக்கிறது? குளோரிடோ எங்கிருந்து வந்தது?

---

பழையகுடுவை

2005-இல் வந்த ஐ.யு.பி.ஏ.சி. பரிந்துரையில் இருந்து. எதிர்மின் ஈனிகள் குளோரிடோ, சயனிடோ, ஹைட்ராக்சிடோ என்று ஆயின. அதற்கு முன் குளோரோ, சயனோ, ஹைட்ராக்சோ. வாய்பாட்டை எழுதுவதிலும் அதே பரிந்துரைப்படி [CoCl2(en)2]Cl என்பதுதான் இன்றைய முறை, நாம் எல்லோரும் பழக்கத்தில் [Co(en)2Cl2]Cl என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் ஒரே பொருள்தான்.

---

ஈத்தேன்முதல்

அப்போ பரீட்சையில் குளோரோ எழுதினால் தப்பா?

---

செறிவுக்கரைசல்

தப்பில்லை. நான் திருத்தியவரை இரண்டுக்கும் முழு மதிப்பெண்தான்.

---

பழையகுடுவை

நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரே விடையில் "குளோரோ"வும் "சயனிடோ"வும் கலந்து எழுதியதற்கு மதிப்பெண் குறைத்ததைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, படிகத்துக்கு வருவோம். செறிவுக்கரைசல் சொன்ன வினை நடப்பது உண்மை. ஆனால் இந்த 1.6-க்கு அது போதாது. அறை வெப்பநிலையிலேயே பச்சைச் சேர்மத்தில் பாதி குளோரைடை இழக்கச் சில மணி நேரம் பிடிக்கும். பத்து நிமிடத்தில் நூற்றுக்கு இரண்டு போகும், அவ்வளவுதான். பனிக்கட்டி நீரில் அதுவும் குறையும். சில்வர் அயனி உள்ளே இருக்கும் குளோரைடைக் கொஞ்சம் இழுக்கும் என்றாலும், 60 சதவீதம் போவதற்கு வழியில்லை.

பச்சைப்படிகத்திடம் மூன்று கேள்வி. வீழ்படிவை எத்தனை நிமிடத்தில் வடிகட்டினீர்கள்? வடிநீரை வைத்திருந்து பார்த்தீர்களா, மறுபடி கலங்கியதா? படிகத்தை எந்த வெப்பநிலையில் உலர்த்தினீர்கள்?

---

பச்சைப்படிகம்

ஐந்து நிமிடத்துக்குள் வடிகட்டிவிட்டேன். வடிநீர் பச்சையாகவே இருந்தது. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது லேசாக மங்கல் தெரிந்தது, வீழ்படிவு என்று சொல்ல முடியாது. உலர்த்தியது அறை வெப்பநிலையில், தாளில் பரப்பித்தான். அடுப்பில் வைக்கவில்லை. படிகம் பளபளவென்று இருந்ததால் உலர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

---

பழையகுடுவை

அந்தப் பளபளப்புதான் உங்களை ஏமாற்றியது.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து முதலில் இறங்கும் பச்சைப் படிகம் நீங்கள் நினைக்கும் சேர்மம் அல்ல. ஒரு HCl-ஐயும் இரண்டு நீர் மூலக்கூறுகளையும் மடியில் கட்டிக்கொண்டு வரும்: [Co(en)2Cl2]Cl·HCl·2H2O. இதை 110 °C-இல் வைத்தால் HCl-உம் நீரும் போய்விடும். படிகம் பளபளப்பு இழந்து, மங்கலான பச்சைத் தூளாக உதிரும். தயாரிப்புக் குறிப்புகளில் "110 °C-இல் உலர்த்தவும்" என்று ஒரு வரி இருக்கும். ஈரம் போகத்தானே என்று பலரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த வரி அங்கே இருப்பதே HCl-ஐத் துரத்துவதற்காகத்தான்.

இப்போது உங்கள் எண்ணைப் பார்ப்போம். சுத்தமான சேர்மத்தின் மோலார் நிறை 285.5. நீங்கள் 0.2855 கிராம் எடுத்து ஒரு மில்லிமோல் என்று கணக்கிட்டீர்கள். ஆனால் கையில் இருந்த படிகத்தின் மோலார் நிறை 358. அப்படியானால் நீங்கள் எடுத்தது 0.2855 / 358, அதாவது 0.797 மில்லிமோல்தான். அதில் ஒவ்வொரு மோலிலும் வெளியே இருக்கும் குளோரைடு இரண்டு: ஒன்று சேர்மத்தினுடையது, மற்றது ஒட்டிக்கொண்டு வந்த HCl-இனுடையது. 0.797-ஐ இரண்டால் பெருக்கினால் 1.595 மில்லிமோல் AgCl. 143.3-ஆல் பெருக்கிக் கிராமாக்கினால் 0.2286.

உங்கள் தராசு காட்டிய எண்ணே அதுதான்.

---

பச்சைப்படிகம்

நான்காம் தசமம் வரை ஒத்துப்போகிறதே! கை நடுங்குகிறது.

---

செறிவுக்கரைசல்

கணக்கு அழகாகப் பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருந்துவதாலேயே உண்மை என்று ஆகிவிடாதே. தற்செயலாக அந்த எண் வந்திருக்கலாம். இன்னொரு வழியில் நிரூபிக்க முடியுமா?

---

பழையகுடுவை

நல்ல கேள்வி. இரண்டு வழி இருக்கிறது.

எளிய வழி, படிகத்தை வெறும் நீரில் கரைத்த உடனே pH பார்ப்பது. நைட்ரிக் அமிலம் விடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும், மறந்துவிடாதீர்கள், இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். 0.2855 கிராமை 50 மில்லி நீரில் கரைத்தால், HCl இருக்கும் பட்சத்தில் pH 2-க்குக் கீழே இருக்கும். சுத்தமான சேர்மம் அவ்வளவு அமிலம் காட்டாது. நீர் புகுந்த கோபால்ட் அணைவும் கொஞ்சம் அமிலம்தான், ஆனால் அது வலுக்குறைந்த அமிலம்.

இரண்டாவது வழி, எடை இழப்பு. ஒரு கிராம் படிகத்தை 110 °C-இல் எடை மாறாத வரை வைத்திருங்கள். 358-இல் 72.5 போக வேண்டும், அதாவது நூற்றுக்கு 20.3. வெறும் ஈரம் மட்டும் போயிருந்தால் இந்தக் குறிப்பிட்ட எண்ணில் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. போகிற வாயுவில் HCl இருக்கும், புகைக்கூண்டுக்கு வெளியே செய்ய வேண்டாம்.

---

நாலுபிடி

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் கேள்வியும் வடிவம் பற்றியதுதான். அணைவு எண் 4 என்றால் நான்முகி என்று படித்தேன். [NiCl4]2− நான்முகி, ஆனால் [Ni(CN)4]2− தள சதுரம் என்கிறார்கள். இரண்டிலும் நிக்கல் +2. ஆக்சிஜனேற்ற நிலை கண்டுபிடித்தால் வடிவம் தெரிந்துவிடும் என்று நினைத்தேனே?

---

செறிவுக்கரைசல்

d⁸ அயனி, அணைவு எண் 4 என்றால் தள சதுரம். [NiCl4]2− விதிவிலக்கு.

---

பழையகுடுவை

இதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். பிளாட்டினம்(II), பல்லேடியம்(II), தங்கம்(III) இவற்றுக்கு அந்த விதி பெரும்பாலும் நிற்கும். நிக்கல்(II) மட்டும் ஈனியைப் பார்த்து முடிவு எடுக்கும். சயனைடு வலிமையான ஈனி, எலக்ட்ரான்களை இரட்டையாக ஒதுக்கித் தள்ளும், ஒரு d ஆர்பிட்டால் காலியாகும், தள சதுரம் லாபமாகிறது. குளோரைடுக்கு அந்த வலிமை இல்லை, அது பருமனும்கூட. நான்கு குளோரைடுகள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்கவே பார்க்கும், அதற்கு நான்முகிதான் வசதி. இதை விதிவிலக்கு என்று சொல்லி ஒதுக்க வேண்டியதில்லை.

நாலுபிடி, ஆக்சிஜனேற்ற நிலை தருவது d எலக்ட்ரான் எண்ணிக்கையை மட்டும். வடிவத்தை நேரில் சொல்லாது. சோதனைக்கூடத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது காந்தத் தராசு. [NiCl4]2− இரண்டு ஒற்றை எலக்ட்ரான்களுடன் காந்தப்புலத்தால் ஈர்க்கப்படும். [Ni(CN)4]2−-இல் ஒற்றை எலக்ட்ரான் கிடையாது.

---

நாலுபிடி

புரிந்தது. அப்படியென்றால் முதல் சேர்மத்தில் கோபால்ட்டுக்கு எண்முகி என்பதை மட்டும் எப்படி அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்? ஆறு பிடி என்றால் முக்கோணப் பட்டகமாகக்கூட இருக்கலாமே. ஆறு மூலை அதற்கும் இருக்கிறதே.

---

பழையகுடுவை

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். எக்ஸ் கதிர் கொண்டு படிகத்தை உடைத்துப் பார்க்கும் வசதி வருவதற்கு முன்பே ஆல்ஃபிரெட் வெர்னர் இதற்கு விடை சொன்னார். மாற்றியங்களை எண்ணிச் சொன்னார்.

பச்சைப்படிகம் செய்தது டிரான்ஸ் வகை: இரண்டு Cl-உம் எதிரெதிரே. அந்தப் பச்சையைத் தூய நீரில் கரைத்து நீராவித் தொட்டியில் வைத்து வற்றவிட்டால் ஊதா நிறச் சேர்மம் கிடைக்கும். அதே வாய்பாடு, அதே ஆக்சிஜனேற்ற நிலை, வேறு நிறம். அது சிஸ் வகை: இரண்டு Cl-உம் பக்கத்து மூலைகளில். நான்முகியாக இருந்தால் எந்த இரண்டு மூலையும் பக்கத்து மூலைதான், ஆகவே பச்சை, ஊதா என்ற இந்த வேறுபாட்டுக்கே இடமில்லை. உங்கள் முதல் விடையை இந்த இரண்டு நிறங்களே அழித்துவிடும்.

இன்னும் ஒரு படி இருக்கிறது. எண்முகியில் en இரண்டையும் சிஸ் வகையில் பொருத்திப் பார்த்தால், கண்ணாடியில் தெரியும் பிம்பம் அசலோடு ஒட்டாது, இடது கையும் வலது கையும் போல. டிரான்ஸ் வகை தன் பிம்பத்தோடு ஒட்டும். ஆக, எண்முகி கணக்குப்படி சிஸ் வகையை இடக்கை, வலக்கை என்று பிரிக்க முடிய வேண்டும். வெர்னர் 1911-இல் இதே குடும்பத்துக் கோபால்ட் அணைவு ஒன்றை, ஒரு குளோரைடுக்குப் பதில் அம்மோனியா உள்ளதை, அப்படிப் பிரித்துக் காட்டினார். 1913-இல் நோபல் பரிசு.

அவர் கொள்கையை வெளியிட்டது 1893. எதிர்த்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: en-க்குப் பதில் அம்மோனியா உள்ள சேர்மத்தில் பச்சைதானே தெரியும், நீங்கள் சொல்லும் ஊதா எங்கே? அந்த ஊதா கிடைக்க 1907 ஆனது. பதினான்கு வருஷம் ஒரு நிறத்துக்காகக் காத்திருந்தார்.

---

ஈத்தேன்முதல்

பெயரில் இதைக் காட்டுவது எப்படி?

---

பழையகுடுவை

முன்னால் ஒட்டிவிடுங்கள்: டிரான்ஸ்-டைகுளோரிடோபிஸ்(ஈத்தேன்-1,2-டைஅமீன்)கோபால்ட்(III) குளோரைடு. வாய்பாடு மட்டும் கொடுத்தால் அதிலிருந்து சிஸ், டிரான்ஸ் தெரியாது. கேள்வியில் நிறம் தந்திருந்தால் மட்டும் எழுதுங்கள்.

---

பச்சைப்படிகம் *(இரண்டு நாள் கழித்து)*

முடிவு வந்துவிட்டது. pH தாளை வைத்த உடனே சிவந்தது, அட்டையில் 1-க்கும் 2-க்கும் நடுவே. ஒரு கிராம் படிகத்தை 110 °C-இல் வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் 0.81, மறுபடி ஒரு மணி நேரத்தில் 0.80, அப்புறம் அசையவில்லை. தூள் மங்கலான பச்சையாகிவிட்டது, பார்க்கவே பாவமாக இருக்கிறது.

அந்தத் தூளில் 0.2855 கிராம் எடுத்துச் சில்வர் நைட்ரேட் சோதனையை மறுபடி செய்தேன். வீழ்படிவு 0.1460 கிராம். 1.02 குளோரைடு.

---

செறிவுக்கரைசல்

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த 0.02 என்னுடையது. நீர் புகும் வினையால் வந்தது.

---

பழையகுடுவை

அந்த 0.02-ஐ உங்களுக்கே தருகிறேன், பேராசைப்பட மாட்டேன். ஊதா நிறச் சேர்மத்தில் இதே சோதனையைச் செய்தால் உங்கள் பங்கு இன்னும் பெருகும். சிஸ் வகையில் நீர் புகுவது பல மடங்கு வேகம், அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அங்கே பனிக்கட்டி இல்லாமல் இறங்காதீர்கள்.

---

நாளைபரீட்சை

எல்லோரும் இவ்வளவு எழுதிவிட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். Na2[Fe(CN)5NO]. NO மின்சுமை இல்லாத மூலக்கூறுதானே? அப்படிப் போட்டால் x − 5 + 0 = −2, இரும்பு +3. விடைக்குறிப்பில் +2 என்று இருக்கிறது. விடைக்குறிப்பு தப்பு என்று போட்டுவிடலாமா?

---

செறிவுக்கரைசல்

NO-வை NO⁺ என்று எடுக்க வேண்டும். x − 5 + 1 = −2, ஆக +2. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

---

நாளைபரீட்சை

ஏன் NO⁺?

---

பழையகுடுவை

மனப்பாடம் வேண்டாம், சான்று இருக்கிறது. இந்தச் சேர்மத்தில் ஒற்றை எலக்ட்ரான் கிடையாது. இரும்பு +3, NO சாதாரண மூலக்கூறு என்று வைத்தால், இரும்பில் ஒன்றும் NO-வில் ஒன்றும் ஒற்றையாக நிற்கும். அவை இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் N–O பிணைப்பு குட்டையாக இருக்கிறது, Fe–N–O ஏறக்குறைய நேர்கோட்டில் இருக்கிறது, அகச்சிவப்பில் NO தரும் பட்டை சுமார் 1940 cm⁻¹-இல் விழுகிறது. தனியாக இருக்கும் NO-வுக்கு அது 1876. பிணைப்பு வலுவாகியிருக்கிறது என்றால் NO ஓர் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்திருக்கிறது என்று பொருள். அதனால் NO⁺, அதனால் இரும்பு +2.

---

நாலுபிடி

அப்போ பழுப்பு வளையச் சோதனையில் வரும் [Fe(H2O)5NO]2+-க்கும் அதே கணக்கா? NO⁺ என்று போட்டால் இரும்பு +1 வருகிறது. எங்கள் புத்தகத்திலும் +1 என்றுதான் இருக்கிறது.

---

செறிவுக்கரைசல்

ஆமாம், +1. அதே விதி.

---

பழையகுடுவை

அங்கேதான் எனக்கு உறுத்தல். நிறமாலை அளவீடு செய்தவர்கள் அதை இரும்பு +3, NO⁻ என்று படிக்கிறார்கள். இரும்பு +2, அருகே ஒற்றை எலக்ட்ரானோடு NO என்று வாதிடுபவர்களும் உண்டு. அந்த எலக்ட்ரான் இரும்பில் இருக்கிறதா NO-வில் இருக்கிறதா என்பதைப் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குப் பங்குபோட்டிருக்கிறது. பரீட்சையில் உங்கள் புத்தகம் சொல்லும் +1 எழுதுங்கள். வெளியே வந்து யாராவது கேட்டால் அவ்வளவு அடித்துச் சொல்லாதீர்கள்.

பெயர் வைப்பதற்கு மட்டும் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. ஆக்சிஜனேற்ற நிலை எழுத வேண்டிய இடத்தில் அணைவுக்கூட்டத்தின் மொத்தச் சுமையை அடைப்புக்குள் போடலாம். நைட்ரோசில் சேர்மத்தை சோடியம் பென்டாசயனிடோநைட்ரோசில்ஃபெரேட்(2−) என்று எழுதினால் இரும்பு +2-ஆ +3-ஆ என்ற சண்டைக்குள்ளேயே போக வேண்டாம்.

---

நாளைபரீட்சை

விடைத்தாளில் (2−) என்று எழுதினால் மதிப்பெண் தருவார்களா?

---

ஈத்தேன்முதல்

அகர வரிசைக்கே அரை மதிப்பெண் போட்டுத் தள்ளியவர்கள் இவர்கள். நான் எழுத மாட்டேன்.

---

பச்சைப்படிகம்

பச்சைத்தூளில் கொஞ்சம் மீதி இருக்கிறது. நாளை அதை நீரில் கரைத்து நீராவித் தொட்டியில் வைக்கிறேன். ஊதா வந்தால் இங்கேயே சொல்கிறேன்.